இமையும் உள்ளங்கையும்: இரண்டு தொழில்களின் கணக்கு

அழகு நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பெண்கள் ஒரு கட்டத்தில் தங்களுக்கென ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ள நினைக்கிறார்கள். புருவம் திருத்துவதில் தொடங்கி ஃபேஷியல் வரை எல்லாவற்றையும் செய்பவருக்குக் கிடைக்கும் கூலியைவிட, ஒன்றை மட்டும் நன்றாகச் செய்பவருக்குக் கிடைக்கும் கூலி அதிகம் என்பது அவர்கள் கண்ணெதிரே நடப்பது. எந்த ஒன்று என்பதில்தான் குழப்பம். இன்று அப்படி முன்னால் நிற்பவை பல. அவற்றில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று ஐலாஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது இமை முடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடியை ஒட்டி நீட்டும் வேலை. மற்றொன்று மணப்பெண் மெஹந்தி. முன்னது தமிழ்நாட்டுச் சிறுநகரங்களுக்கு இன்னும் புதிது. பின்னது கோன் வடிவில் வந்தபின் பெரும்பாலான திருமணங்களில் இடம்பிடித்துவிட்டது. திருச்சி அளவுள்ள ஒரு நகரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் எடைபோடலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஒன்றில் வாடிக்கையாளர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், மற்றதில் கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒன்றின் கருவி இரண்டு இடுக்கிகள், மற்றதன் கருவி ஒரு கோன். ஆனால் வேலை நடக்கும் இடத்தைக் கவனித்தால் ஓர் எதிர்பாராத உறவு தெரிகிறது. இமை முடியும் உள்ளங்கையின் மேல்தோலும் ஒரே பொருளால் ஆனவை, கெரட்டின் என்னும் புரதத்தால். லேஷ் கலைஞரின் பசை அந்தக் கெரட்டினைப் பிடித்துக்கொள்கிறது. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் சாயமும் அதே கெரட்டினோடுதான் பிணைகிறது. மேல்தோல் தடித்திருக்கும் உள்ளங்கையில் மெஹந்தி அதிகமாகச் சிவப்பதும், புறங்கையில் வெளிறி நிற்பதும் அதனால்தான்.

இரண்டும் அழியும் விதத்திலும் அதே உறவு தொடர்கிறது. நாள்தோறும் சில இமை முடிகள் தாமாக உதிர்கின்றன, ஒட்டிய முடியும் அவற்றோடு போகிறது. மேல்தோலின் செல்களும் ஒவ்வோர் அடுக்காக உதிர்கின்றன, சாயமும் அவற்றோடு போகிறது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இரண்டு வேலைகளுக்கும் ஆயுள் இரண்டு மூன்று வாரம்தான், ஏனென்றால் அவற்றை அழிப்பது உடலின் இயல்பான புதுப்பித்தல். வேறுபாடு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. லேஷ் உதிர்ந்தால் வாடிக்கையாளர் திரும்பி வந்து இடைவெளிகளை நிரப்பச் சொல்கிறார். ரீஃபில் என்கிற அந்த வேலைதான் லேஷ் தொழிலின் முதுகெலும்பு. மெஹந்தி மங்கினால் மணப்பெண் திரும்பி வருவதில்லை, அந்தக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஒரே காரணத்தால் அழியும் இரண்டு வேலைகள், தேவை என்று வரும்போது இரண்டு திசைகளில் பிரிந்துவிடுகின்றன.

அந்தப் பிரிவு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கில் பார்க்கலாம். கீழே வருபவை ஓர் எடுத்துக்காட்டுக்கான தொகைகள். உங்கள் ஊரில் விசாரித்து உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ள வேண்டும், கணக்கின் வழி மாறாது.

லேஷ் கற்க 25,000 ரூபாய் கட்டணம் என்று கொள்வோம். கட்டில், விளக்கு, இடுக்கிகள், முடித் தட்டுகள், பசை எல்லாம் சேர்த்து இன்னும் 20,000. முதலீடு 45,000 ஆகிறது. மெஹந்திப் பயிற்சிக்கு 8,000, தொடக்கப் பொருள்களுக்கு 2,000. முதலீடு 10,000 ஆகிறது. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டே பலர் மெஹந்தி பக்கம் சாய்ந்துவிடுவார்கள். வேறு சிலர், விலை கூடிய பயிற்சிக்குத்தான் வருமானம் கூடும் என்று லேஷ் பக்கம் சாய்வார்கள். இரண்டு முடிவுமே அவசர முடிவுதான்.

அடுத்து ஒரு மணி நேரத்தின் மதிப்பைப் பார்ப்போம். லேஷ் ரீஃபிலுக்கு 900 ரூபாய், பொருள் செலவு 120, பிடிக்கும் நேரம் ஒன்றேகால் மணி. கையில் நிற்பது 780, மணிக்கு 624. மணப்பெண் மெஹந்திக்கு இரண்டு கை முழங்கை வரையும் பாதங்களும் சேர்த்து 5,000 ரூபாய். பொருளுக்கு 300, போக்குவரத்துக்கு 300 போனால் 4,400 நிற்கிறது. வரைவதற்கு மட்டும் ஐந்து மணி நேரம். போய்வர இரண்டு மணி, மாவு குழைத்துக் கோன் கட்ட ஒரு மணி என்று சேர்த்தால் எட்டு மணி. மணிக்கு 550. எதிரெதிர் என்று நினைத்த இரண்டு தொழில்களும் ஒரு மணி நேரத்தின் விலையில் கிட்டத்தட்ட அருகருகே வந்து நிற்கின்றன.

ஆனால் லேஷ் வேலைக்கு இடம் வேண்டும். ஓர் அழகு நிலையத்துக்குள் தடுப்பறை ஒன்றை ஏசியோடு மாதம் 6,000 ரூபாய்க்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மெஹந்திக்காரர் மணப்பெண் வீட்டுக்கோ மண்டபத்துக்கோ போகிறார், வாடகை இல்லை. இப்போது இருவருக்கும் மாதம் சராசரியாக 15,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும், ஆண்டுக்கு 1,80,000. மெஹந்திக்காரருக்கு ஆண்டில் 41 மணப்பெண்கள் தேவை. லேஷ் கலைஞருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் 19 பெண்கள் தேவை. அவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 17 முறை வருவார்கள், மொத்தம் 323 அமர்வு. வாடகை போன பின் லேஷ் கலைஞரின் ஒரு மணி 445 ரூபாயாக இறங்கிவிடுகிறது. வாடகைக்கு முன் முந்தியிருந்தவர் வாடகைக்குப் பின் பிந்திவிடுகிறார். வீட்டிலேயே தனி அறை ஒதுக்க முடிந்தவருக்கு இந்த வரிசை மறுபடி மாறும்.

ஆக, ‘எதில் அதிகம் கிடைக்கும்’ என்ற கேள்வியை விட்டுவிடலாம். கணக்கு நமக்குத் தரும் கேள்வி வேறு. எனக்கு எட்டும் தூரத்தில் பலமுறை வரக்கூடிய 19 பேர் இருக்கிறார்களா? அல்லது ஒரேயொரு முறை வரக்கூடிய 41 பேர் இருக்கிறார்களா? ஊரின் தேவையை அளப்பது என்பது இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதுதான். இரண்டையும் ஒரே விதமாக அளக்க முடியாது.

லேஷுக்கான தேவையை ஊரின் மக்கள்தொகையில் தேடினால் கிடைக்காது. அழகு நிலையத்தின் அப்பாயின்ட்மென்ட் நோட்டில் தேட வேண்டும். புருவம் திருத்த மாதந்தோறும் நூறு பேர் வரலாம். அவர்கள் கட்டுவது சிறு தொகை, அதைப் பார்த்து மயங்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு அருகில் வரும் ஏதோ ஒரு சேவைக்கு, அது ஃபேஷியலோ ஹேர் ஸ்பாவோ நெயில் எக்ஸ்டென்ஷனோ, ஒரே மாதத்துக்குள் மறுபடி வந்தவர்கள் எத்தனை பேர் என்று கடந்த மூன்று மாத நோட்டைப் புரட்டி எண்ண வேண்டும். அந்தப் பட்டியலில் 60, 70 பேர் இருந்தால் அவர்களில் 19 பேரை எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு. 20 பேர்தான் இருக்கிறார்கள் என்றால், அந்த இருபது பேருமே லேஷுக்கு வந்தால்தான் கணக்கு தேறும். அது நடக்காது.

மெஹந்திக்கான தேவை எந்த நோட்டிலும் இருப்பதில்லை, நாட்காட்டியில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் பெரும்பாலும் நடப்பதில்லை. புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. மிச்சமிருக்கும் ஒன்பது மாதங்களில் 41 மணப்பெண்கள் என்றால் மாதத்துக்கு நாலைந்து பேர். எளிது என்று தோன்றும். ஆனால் மெஹந்தி வைக்க வேண்டியது முகூர்த்தத்துக்கு ஓரிரு நாள் முன்பு. வைத்தபோது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் சாயம் கருஞ்சிவப்பாகக் கூடுவதற்கு ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். ஊரிலுள்ள எல்லா மணப்பெண்களும் அதே சில மாலைகளில்தான் கை நீட்டுவார்கள். ஒரு கலைஞரால் ஒரு நாளில் ஒரு மணப்பெண்ணுக்குத்தான் முழுமையாக வரைய முடியும். எனவே எண்ண வேண்டியது கல்யாணங்களின் எண்ணிக்கையை அல்ல, முகூர்த்தத்துக்கு முந்திய மாலைகளின் எண்ணிக்கையை. இஸ்லாமியக் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் இருப்பவருக்கு இந்த நெருக்கடி தளரும். அவர்களின் திருமணங்கள் ஆடியையும் மார்கழியையும் பார்ப்பதில்லை. ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் முந்திய நாளிலும் கோனுக்கு ஓய்வு இருக்காது.

போட்டியை அளக்க மட்டும் இரண்டுக்கும் பொதுவான ஒரு வழி உண்டு. ஏற்கெனவே தொழில் செய்பவர்களிடம் இடம் கேட்டுப் பார்ப்பதுதான் அது. வரும் முகூர்த்தத்துக்கு முந்திய நாளுக்கு மெஹந்திக் கலைஞர்கள் நாலைந்து பேரிடம் கேளுங்கள். எல்லோரும் ‘அன்னிக்கு முடியாதுக்கா, புக் ஆயிடுச்சு’ என்றால், ஊரில் கைகளைவிடக் கலைஞர்கள் குறைவு. லேஷ் போடும் இடங்களில் நாளைக்கு நேரம் கேளுங்கள். எல்லோரும் ‘எப்ப வேணும்னாலும் வாங்க’ என்றால் கட்டில்கள் காலியாக இருக்கின்றன என்று பொருள். ஊரில் லேஷ் போடுபவர் யாருமே இல்லை என்பது நல்ல செய்தியா என்பதையும் விசாரித்துத்தான் சொல்ல முடியும். யாராவது தொடங்கி நிறுத்தியிருந்தால், ஏன் நிறுத்தினார் என்ற விடை எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் பயனுள்ளது.

அந்த விடை பெரும்பாலும் பழக்கவழக்கத்தில் இருக்கும். நாள்தோறும் கண்மை தீட்டி, வாரம் ஒருமுறை தலை முழுக எண்ணெய் வைக்கும் பெண்ணுக்கு லேஷ் நிலைப்பது கடினம். எண்ணெய் பட்டால் பசையின் பிடி தளரும் என்பது லேஷ் கலைஞர்கள் எல்லோரும் தரும் எச்சரிக்கை. கண்மையைத் துடைக்கும்போது ஒட்டிய முடிகளும் இழுபடும். வாடிக்கையாளர் ஒரு பழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெஹந்தி எந்தப் பழக்கத்தையும் மாற்றச் சொல்வதில்லை. மருதாணி அரைத்து விரல் நுனியில் குப்பி வைத்த கைக்கு அது முன்பே தெரிந்த ஒன்று. ஆனால் அந்தப் பழக்கமே அதற்குப் போட்டியும் ஆகிறது, பாட்டி வைத்துவிட்ட மருதாணிக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. புதிய தொழிலுக்குப் பழக்கமின்மை தடை என்றால், பழைய தொழிலுக்குப் பழக்கமே தடை.

பயிற்சிச் செலவைப் பார்க்கும்போது கட்டணத்தோடு நின்றுவிடக் கூடாது. லேஷ் வகுப்புகள் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதற்குள் மனதில் பதிய வேண்டிய முதல் பாடம், ஓர் இயற்கை முடிக்கு ஒரு நீட்டிப்பு என்பது. இடது கை இடுக்கி பக்கத்து முடிகளை விலக்கி ஒரே ஒரு முடியைத் தனித்து நிறுத்த வேண்டும். வலது கை இடுக்கி 0.15 மில்லிமீட்டர் பருமனுள்ள செயற்கை முடியைப் பசையில் தொட்டு, இமைத் தோலில் படாமல் சிறிது தள்ளி வைக்க வேண்டும். இரண்டு இயற்கை முடிகள் சேர்ந்து ஒட்டிவிட்டால், ஒன்று வளரும்போது மற்றதை வேரோடு இழுக்கும். வேலை முடிந்ததும் சிறு தூரிகையால் சீவிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். தூரிகை தடையில்லாமல் போனால் சரி, எங்காவது சிக்கினாலோ வாடிக்கையாளர் ‘குத்துது’ என்றாலோ அங்கே முடிகள் ஒட்டியிருக்கின்றன. முதலில் மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும் முழு செட் இரண்டு மணிக்கு இறங்க, வகுப்புக்குப் பின் பல பேருக்குப் பொருள் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு செய்து பழக வேண்டும். அந்த நாள்களும் பயிற்சிச் செலவுதான்.

மெஹந்தி வகுப்பு மலிவு. ஆனால் கோடு ஒரே பருமனாக வருவதற்குக் கட்டைவிரலின் அழுத்தம் பழக வேண்டும், அது மாதக்கணக்கில் ஆகும். தாளிலும் அக்ரிலிக் பலகையிலும் வரைந்து துடைத்துப் பழகலாம் என்பது இதன் வசதி, யாரையும் படுக்க வைக்க வேண்டியதில்லை. ஒன்றில் கட்டணம் அதிகம், பழகுவதற்கு மனிதர்கள் வேண்டும். மற்றதில் கட்டணம் குறைவு, பழகுவதற்குக் காலம் வேண்டும். எந்த வகுப்பில் சேர்வதற்கு முன்பும் கேட்க வேண்டியது ஒன்றே: தவறியதைச் சரிசெய்யக் கற்றுத் தருகிறீர்களா? லேஷில் அது ரீஃபிலும், ஒட்டியதை நீக்கும் முறையும், ஒவ்வாமையை அறிவதும். மெஹந்தியில் அது மாவு குழைப்பதும், சிவக்காத கையின் காரணம் அறிவதும்.

ஒவ்வாமையிலும் இவை இரண்டும் உறவினர்களே. லேஷ் பசை சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தது. அதற்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த வாடிக்கையாளருக்கு மறுபடி போட முடியாது. சில முடிகளை மட்டும் ஒட்டி ஓரிரு நாள் காத்திருந்து பார்க்கும் சோதனை அதற்காகத்தான். தூய மருதாணி சாதுவானது. ஆனால் ஒரு மணி நேரத்தில் கறுப்பாகச் சிவக்கும் என்று விற்கப்படும் கோன்களில் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்னும் ரசாயனம் கலந்திருக்கலாம். அது கொப்புளம் போடும், தழும்பும் நிற்கும். இலைச் சாயம் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது என்பதே கண்டுபிடிக்கும் வழி.

ஈரப்பதத்தில் மட்டும் இரண்டும் நேரெதிர். லேஷ் பசை காற்றின் ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது. உற்பத்தியாளர் புட்டியில் ஓர் ஈரப்பத அளவைக் குறித்திருப்பார். அந்த அளவைத் தாண்டினால், ஐப்பசி மழைநாளில் பசை முடியைத் தொடுவதற்குள்ளேயே இடுக்கியில் இறுகிவிடும், பிடிப்பு இருக்காது. எனவே ஈரமானியும் ஏசியும் ஆடம்பரம் ஆகாது. மெஹந்திக்கோ வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும். ஏசி அறையில் மாவு சீக்கிரம் காய்ந்து உதிர்ந்தால் நிறம் கூடாது. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து தொட்டு வைப்பது அதற்குத்தான். லேஷ் கலைஞர் ஏசிக்காக வாடகை கட்டுகிறார், மெஹந்திக் கலைஞர் மண்டபத்து ஏசியை அணைக்கச் சொல்கிறார். முன்பு பார்த்த 6,000 ரூபாயின் ஒரு பகுதி இந்த வேறுபாட்டில் இருந்து வருவது.

விலை வைப்பதில் இரண்டுக்கும் தனித்தனிக் கசிவு உண்டு. மூன்றாவது வாரம் வர வேண்டியவர் ஐந்தாவது வாரம் வருகிறார். ஒட்டியதில் பாதிக்கு மேல் உதிர்ந்திருக்கிறது. ஆனால் அவர் கேட்பது ரீஃபில் விலை. அந்த விலைக்குச் செய்தால், ஒன்றேகால் மணி வேலை இரண்டரை மணி ஆகி, மணிக்கு 624 என்ற கணக்கு பாதியாகச் சரியும். பாதி முடி மிஞ்சியிருந்தால் ரீஃபில், அதற்குக் கீழே புது செட் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் தீர்வு. மெஹந்தியில் கசிவு மணப்பெண்ணைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ‘இன்னும் ரெண்டு கைதானேம்மா’ என்று அத்தையும் சித்தியும் நீட்டும் கைகள் ஒவ்வொன்றும் பத்து நிமிடம். ஆறு பேர் என்றால் பன்னிரண்டு கைகள், இரண்டு மணி நேரம். எட்டு மணி பத்தாகி, 550 ரூபாய் 440-க்கு இறங்குகிறது. உறவினர் கைக்குத் தனி விலை என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுதிவிட வேண்டும். லேஷின் விலை காலத்தால் கசிகிறது, மெஹந்தியின் விலை ஆட்களால் கசிகிறது.

இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபின் என் தீர்ப்பு இது. அழகு நிலையத்துக்குள் இருப்பவருக்கு, மாதந்தோறும் திரும்பி வரும் பெண்களை முகம் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவருக்கு, லேஷ் பொருந்தும். வீட்டில் இருந்தபடி தொடங்குபவருக்கு, ஒப்பனைக் கலைஞர்களோடும் மண்டபங்களோடும் பழக்கம் உள்ளவருக்கு மெஹந்தி பொருந்தும். முதலீடு இழப்பாகிப் போகும் ஆபத்தும் சமமில்லை. எடுத்துக்காட்டுத் தொகைப்படி மெஹந்தியில் போட்ட 10,000 மூன்று மணப்பெண்களில் திரும்பிவிடும். லேஷில் போட்ட 45,000 திரும்ப, அந்த 19 பேரும் சேர்ந்த பிறகும் மூன்று மாத வருமானம் முழுவதும் வேண்டும். எந்தப் பக்கமும் சாய முடியாதவர் மெஹந்தியில் தொடங்குவதே பாதுகாப்பு.

லேஷ் வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறவர் அதற்கு முன் ஒரு தாளில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 900 ரூபாய் தரக்கூடியவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். பத்தொன்பது பெயர்கள் வராவிட்டால் இப்போதைக்குப் பணத்தைக் கட்டாதீர்கள்.